நாலு மாட்டுக்கு வங்கிக் கடன்: திட்ட அறிக்கை பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் ஊற்ற வருகிறவர்களும் கடன் விண்ணப்பத்தோடு வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்: கோப்பாய்ப் பக்கத்தில் சொந்தக் காணியும் கிணறும் உள்ள ஒரு குடும்பம், நாலு கலப்பினக் கறவை மாடு. உதாரணத்தில் உள்ள விலையும் வட்டியும் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் அறிக்கையில் உங்கள் ஊர் விலைதான் வரவேண்டும்.

புரொஜெக்ட் ரிப்போட் எண்டா என்ன? வங்கியில ஒரு ஃபோம் தந்தவை, அதை நிரப்பினாக் காணாதோ?

ஃபோம் உங்களைப் பற்றியது: பெயர், முகவரி, வருமானம், ஏற்கெனவே உள்ள கடன், பிணை. அறிக்கை மாட்டைப் பற்றியது. எவ்வளவு காசு எதற்குப் போகிறது, மாடு எவ்வளவு கறக்கும், அந்தப் பால் எங்கே போகும், மாதம் மாதம் கையில் என்ன மிஞ்சும், அதில் தவணை கட்ட முடியுமா என்பதை ஒருவர் உங்கள் வீட்டுக்கு வராமலே விளங்கிக்கொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்க வேண்டும். கடனை அங்கீகரிக்கிறவர் பெரும்பாலும் உங்கள் கொட்டிலைக் காணமாட்டார். அவர் காண்பது அந்தக் கடதாசியைத்தான்.

எத்தனை பக்கம் வேணும்? ஆர் எழுதித் தருவினம்?

ஏழெட்டுப் பக்கம் போதும். தட்டச்சுக் கடையில் ஆயத்தமாக வைத்திருக்கும் அறிக்கையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அப்படி வந்த ஒன்றில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு மலைநாட்டுப் புல்வெளி எழுதப்பட்டிருந்தது.

உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் இருப்பார். மாட்டின் கறவை, தீவன அளவு, கொட்டில் அளவு ஆகியவற்றை அவரோடு இருந்து சரிபாருங்கள். எழுதுகிற கை யாருடையதாக இருந்தாலும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கி அதிகாரி கேட்கப்போவது உங்களைத்தான்.

மொத்தக் காசை எப்பிடிப் பிரிச்சு எழுதிறது?

எங்கள் உதாரணத்தில் மொத்தச் செலவு 20 இலட்சம் ரூபா. மாடு ஒன்று 3 இலட்சம் வீதம் நாலுக்கும் 12 இலட்சம். சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் உள்ள கொட்டில் 4 இலட்சம். புல் வெட்டும் இயந்திரம் 110,000. புல் நடுகைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் 90,000. பால் கான், வாளி, சில்லறைச் சாமான் 40,000. மிச்சம் 160,000 ரூபா முதல் மாதங்களின் தீவனத்துக்கும் மருந்துக்கும் வைத்திருக்கும் நடைமுறை மூலதனம். குடும்பம் 5 இலட்சம் போடுகிறது, வங்கியிடம் கேட்பது 15 இலட்சம்.

பலர் விடுகிற வரி அந்த நடைமுறை மூலதனம்தான். கடன் காசு முழுவதும் மாட்டிலும் கொட்டிலிலும் போய்விட்டால் முதல் மூடை தீவனத்தையே கடைக்கடனில் வாங்கவேண்டி வரும். ஒவ்வொரு பொருளுக்கும் விலைக்கேள்விக் கடிதம் இணையுங்கள். மாட்டுக்கு அப்படிக் கடிதம் கிடைக்காது. விற்பவரின் கையொப்பத்தோடு விலை, வயது, எத்தனையாம் ஈற்று, காதுப்பட்டி இலக்கம் எழுதிய ஒரு கடதாசியும், கால்நடை வைத்தியர் பார்த்துத் தந்த சான்றும் போதும். வேறு மாவட்டத்திலிருந்து மாடு கொண்டுவருவதென்றால் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். வண்டிக்கூலியையும் செலவில் சேருங்கள்.

மாடு ஒண்டு 11 லீற்றர் கறக்குது. நாலு மாடு, 365 நாள். பெருக்கினா முடிஞ்சுது, பிறகென்ன?

பெருக்கினால் 16,060 லீற்றர் வரும். உண்மையில் விற்கக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அறிக்கைகள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் மெதுவாகப் பார்ப்போம்.

11 லீற்றர் என்பது கன்று போட்டு ஒன்றரை இரண்டு மாதத்தில் மாடு தொடும் உச்சம். அதன் பிறகு மாதம் மாதம் இறங்கும். கறவைக்காலம் 305 நாள் என்று வைத்தால், உச்சம் 11 கறக்கும் மாட்டுக்குச் சராசரி 8 லீற்றர் போடலாம். அது 2,440 லீற்றர். அதில் கன்று குடிப்பது 240 லீற்றர் அளவில். ஆக ஒரு ஈற்றுக்கு விற்கக்கூடியது 2,200 லீற்றர்.

இனி, அந்த ஈற்று எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது? சினைக்காலம் 280 நாளுக்குச் சற்று மேல். கன்று போட்ட மாடு மூன்று மாதத்தில் சினைப்பட்டால் பன்னிரண்டரை மாதத்தில் அடுத்த கன்று. ஆனால் மாடு சினைக்கு ஆயத்தமாகிற வேட்கையை ஒருமுறை கவனியாமல் விட்டால் 21 நாள் போய்விடும். சினை ஊசி போட்டு நிற்காவிட்டால் இன்னொரு 21 நாள். எங்கள் பக்கத்து வெயிலிலும் தீவனத்திலும் 14 மாத இடைவெளி போடுவது நியாயமானது. அப்படியென்றால் வருடத்துக்கு ஒரு மாட்டிலிருந்து 2,200 × 12 ÷ 14, அதாவது 1,886 லீற்றர். நாலு மாட்டுக்கு 7,543. வீட்டுத் தேவைக்கு நாளுக்கு ஒரு லீற்றர் கழித்தால் ஏறத்தாழ 7,180 லீற்றர்.

இடைவெளி 14இலிருந்து 15 மாதமானால் இந்த எண் 6,675 ஆகிறது. 500 லீற்றருக்கு மேல் குறைவு. லீற்றர் 180 ரூபா என்றால் 90,000 ரூபா. தீவனம் மாறவில்லை, மாடு மாறவில்லை, சினைப்படுத்தல் ஒரு மாதம் பிந்தியது மட்டுமே. எனவே செயற்கைமுறைச் சினைப்படுத்தலை யார் செய்கிறார், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், வேட்கையை வீட்டில் யார் காலையும் மாலையும் பார்க்கிறார் என்று அறிக்கையில் ஒரு பந்தி எழுதுங்கள். நான் பார்த்த அறிக்கைகளில் இந்தப் பந்தி இருந்தது மிகக் குறைவு.

பால் விலை எதைப் போடுறது? சங்கத்தில ஒரு விலை, வீடு வீடாக் குடுத்தா ஒரு விலை.

இரண்டையும் போடுங்கள், எவ்வளவு எங்கே போகிறது என்ற பிரிப்போடு. உதாரணத்தில் மூன்றில் இரண்டு பங்கு சேகரிப்பு நிலையத்துக்கு 160 ரூபா, மூன்றில் ஒரு பங்கு அயல் வீடுகளுக்கும் தேநீர்க் கடைக்கும் 220 ரூபா. சராசரி 180. எல்லாப் பாலையும் 220க்கு விற்போம் என்று எழுதினால், அந்த வீடுகள் எத்தனை என்று கேட்பார்கள். பள்ளி விடுமுறையில் வாடிக்கை வீடு பூட்டிக்கிடந்தால் பால் எங்கே போகும் என்றும் கேட்பார்கள்.

சேகரிப்பு நிலையம் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்து விலை போடுகிறது. ஜேர்சிக் கலப்புப் பாலில் கொழுப்புக் கூட, பிரிசியன் கலப்பில் அளவு கூட. எந்த இனம் வாங்குகிறீர்கள் என்பதற்கும் நீங்கள் போடும் விலைக்கும் பொருத்தம் இருக்கவேண்டும். இப்போதே ஒரு மாடாவது வைத்திருந்தால் உங்கள் பால் புத்தகத்தின் கடைசி ஆறு மாதப் பக்கங்களைப் பிரதி எடுத்து இணையுங்கள். திகதி, லீற்றர், கொழுப்பு, கிடைத்த காசு என்று சேகரிப்பாளரின் கையால் எழுதிய அந்தக் கசங்கின பக்கங்களை வங்கி அதிகாரி நம்புகிற அளவுக்கு அச்சடித்த அட்டவணையை நம்பமாட்டார்.

புல்லு எங்கட தோட்டத்திலதானே வெட்டுறம். அதுக்கும் செலவு எழுதோணுமோ?

புல்லுக்குக் காசு கொடுக்காவிட்டாலும் காணியும் தண்ணீரும் போகின்றன. மாடு ஒன்றுக்கு நாளுக்கு 25 கிலோ பச்சைப்புல் வேண்டும். தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் கோ 3 புல் ஒரு பரப்பில் நாளுக்கு 12 முதல் 14 கிலோ தரும் என்று அடக்கமாகக் கணக்கிடலாம். அதாவது மாட்டுக்கு இரண்டு பரப்பு, நாலு மாட்டுக்கு எட்டுப் பரப்பு, அரை ஏக்கர். நட்டவுடன் வெட்ட முடியாது. முதல் வெட்டுக்கு இரண்டரை மாதம், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே புல் நடுகை மாடு வாங்குவதற்கு மூன்று மாதம் முன்னுக்கு வரவேண்டும். மாரி தொடங்கும்போது நட்டால் தண்ணீர்ச் செலவும் மிச்சம்.

தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் மாடு குடிக்கிற தண்ணீரை எழுதுகிறார்கள். குடிக்கவும் கழுவவும் நாலு மாட்டுக்கு நாளுக்கு 400 லீற்றர் போதும். எட்டுப் பரப்புப் புல்லுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் விட்டாலே 10,000 லீற்றர். கிணற்றை இழுக்கிறது மாடில்லை, புல்லு. கிணற்றின் ஆழம், ஆடி ஆவணியில் நிற்கும் தண்ணீர் மட்டம், எத்தனை மணி நேரம் இறைத்தால் ஊற்று ஓய்கிறது, தண்ணீர் உவர்க்கிறதா என்பதை எழுதுங்கள். சுண்ணக்கல்லுக்கு மேல் இருக்கிற எங்கள் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். தண்ணீர் காணாதென்றால் புல்லைப் பாதியாக்கி, வைக்கோலும் பனையோலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வைக்கோலைக் காலபோக அறுவடை முடிந்து மலிவாகக் கிடைக்கும் மாசி பங்குனியிலேயே வாங்கி அடைகிற செலவாகக் காட்டுங்கள்.

அப்ப வருசக் கணக்கு கடைசியில எப்பிடி வரும்?

நாலு மாடும் வந்து சேர்ந்த பிறகு, ஒரு சராசரி வருடத்துக்கு இப்படி:

| வரவு | ரூபா |
|---|---|
| பால் 7,180 லீற்றர் × 180 | 1,292,400 |
| மாட்டெரு | 60,000 |
| நாம்பன் கன்று விற்பனை | 30,000 |
| மொத்தம் | 1,382,400 |

| செலவு | ரூபா |
|---|---|
| அடர்தீவனம் | 577,000 |
| வைக்கோல், தாதுக்கலவை | 60,000 |
| வைத்தியம், சினைப்படுத்தல் | 40,000 |
| மின்சாரம் | 36,000 |
| காப்புறுதி | 48,000 |
| திருத்தவேலை, சில்லறை | 30,000 |
| மொத்தம் | 791,000 |

அடர்தீவனம் கறக்கிற மாட்டுக்கு நாளுக்கு 4 கிலோ, வற்றிய மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ, கிலோ 120 ரூபா. வற்றிய மாட்டின் தீவனத்தை எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. பால் இல்லாவிட்டாலும் அது தின்னும், வயிற்றில் கன்றும் இருக்கும். எரு வரவை வெட்கப்படாமல் எழுதுங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டக்காரர் வீடு தேடி வந்து வாங்கிற ஊர் இது.

மிஞ்சுவது 591,400 ரூபா. 15 இலட்சம் கடன், 12 வீத வட்டி, ஐந்து வருடம், முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் என்றால் ஏழாம் மாதத்திலிருந்து தவணை 36,100 ரூபா அளவில் வரும். வருடத்துக்கு 433,200. மிஞ்சுவதைத் தவணையால் பிரித்தால் 1.37. கட்டவேண்டிய ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் உங்கள் கையில் 137 ரூபா இருக்கிறது என்பது அதன் பொருள். வங்கி முதலில் தேடுகிற எண் இதுதான்.

வருசக் கடைசியில லாபம் வருகுதெண்டு எழுதியிருக்கு. பிறகேன் மனேஜர் தவணை கட்ட ஏலாது எண்டு சொல்லுறார்?

வருடக் கணக்கு சரியாக இருந்தும் மாதக் கணக்கு உதைக்கும். நாலு மாட்டையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கன்று போட்டதாக வாங்கினால் முதல் பத்து மாதம் பால் பெருகும். பதினோராம் மாதம் நாலும் வற்றியிருக்கும். பதினாலாம் மாதம் முடியும்வரை ஒரு சொட்டுப் பால் இல்லை. தீவனமும் தவணையும் மட்டும் நிற்காது. மனேஜர் கண்டது அந்த நாலு மாதத்தைத்தான்.

இதற்கு வழி இரண்டிரண்டாக வாங்குவது. முதலாம் மாதம் இரண்டு, ஏழாம் மாதம் இரண்டு. கடனையும் அப்படி இரண்டு பகுதியாகத் தரச் சொல்லிக் கேட்கலாம், எடுக்காத காசுக்கு வட்டியும் இல்லை. அப்போது ஏழு முதல் பத்தாம் மாதம் வரை நாலும் கறக்கும். நாளுக்கு விற்பனை 26 லீற்றர் அளவில், மாதம் 140,000 ரூபாவுக்கு மேல் பால் காசு. செலவு 75,000 அளவில் போய், எருக்காசும் சேர்ந்து, தவணை கட்டிய பிறகும் மாதம் 34,000 அளவில் நிற்கும். பதினொன்று முதல் பதினாலு வரை இரண்டு மாடு மட்டும் கறக்கும். விற்பனை நாளுக்கு 14 லீற்றர், மாதம் 75,600 ரூபா. செலவு 57,400. எருக்காசு 5,000 சேர்த்தால் கையில் 23,200, தவணையோ 36,100. ஒவ்வொரு மாதமும் 13,000 குறைகிறது.

அந்தக் குறைவை ஒளிக்காமல் காட்டுங்கள். நாலு மாதத்துக்கும் ஏறத்தாழ 52,000 துண்டு விழும், அதற்கு முன் நாலு மாதத்தில் 135,000 மிஞ்சியிருக்கும், அதிலிருந்து இவ்வளவை அதே வங்கியில் சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கிறோம் என்று எழுதினால், மனேஜரின் கேள்விக்கு அவர் கேட்க முன்னமே பதில் இருக்கிறது. 24 மாதத்துக்கு இப்படி ஒரு மாதப் பட்டியல் போடுங்கள். ஐந்து வருடத்துக்கு மாதப் பட்டியல் போடுவது கடதாசிக்குத்தான் நட்டம்.

நானும் மனிசியும்தான் மாடு பாக்கிறம். கூலி எண்டு ஒண்டும் எழுதத் தேவையில்லைத்தானே?

மேலே உள்ள கணக்கில் கூலி இல்லை. தவணை போக வருடத்துக்கு மிஞ்சுவது 158,000, மாதத்துக்கு 13,000 ரூபா. அது இரண்டு பேரின் உழைப்புக்கு. மாதம் 25,000 கொடுத்து ஆள் வைத்தால் வருடம் 300,000 போகும், தவணையே கட்ட முடியாது. நாலு மாடு கூலியாளைத் தாங்காது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். குடும்பச் செலவு எந்த வருமானத்தில் நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்: தோட்டம், சம்பளம், கடை, எதுவாயினும். பாலில் குடும்பமும் ஓடி, கடனும் கட்டி, வீடும் கட்டுவோம் என்ற அறிக்கையை யாரும் நம்புவதில்லை.

பால் விலை விழுந்தா, மாடு செத்தா என்ன செய்வியள் எண்டு கேக்கினம். அதுக்கு என்ன எழுதிறது?

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து எழுதுங்கள். பால் விலை 10 வீதம் விழுந்தால் மேலே சொன்ன 1.37 என்ற எண் 1.07க்கு இறங்கும். தீவன விலை 15 வீதம் ஏறினால் 1.17. ஒரு மாட்டின் கன்று இடைவெளி 18 மாதத்துக்கு நீண்டால் 1.19. மூன்றிலும் தவணை கட்டலாம். இரண்டு ஒன்றாக வந்தால் முடியாது, அப்போது வேறு வருமானத்திலிருந்து கட்டவேண்டும். அதையும் எழுதுங்கள்.

மாடு சாவதை யாழ்ப்பாணத்தில் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இரவில் மாடுகள் கூட்டமாகச் செத்தன, பெரும்பாலும் வெட்டையில் மழையிலும் காற்றிலும் நின்றவை. எனவே கொட்டில் செலவில் வாடைக்காற்றுப் பக்கத்துக்கு மறைப்பும் சேர்த்திருக்கிறோம் என்று ஒரு வரி இருக்கட்டும். காப்புறுதிக்குக் காதுப்பட்டி இலக்கம் அவசியம். பட்டி விழுந்தால் உடனே அறிவித்து மாற்றுங்கள், பட்டி இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

காணி மனிசியின்ர சீதனம். கடன் என்ர பேரில. ஈடு வைக்க ஏலுமோ?

ஏலும், ஆனால் ஈட்டு உறுதியில் அவவும் கையெழுத்து வைக்கவேண்டும், காணி அவவுடையது. மறுவளமாக, கடன் அவவின் பெயரில் என்றாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை ஈடுவைக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் இதற்கே மாதக்கணக்கில் இழுபடும், முதலே தொடங்குங்கள்.

சகோதரங்களுக்குள் பிரிக்காத பங்குக் காணியை வங்கிகள் ஈடாக எடுக்கத் தயங்கும். அப்படியென்றால் ஆள் பிணையோடு சிறிய கடனாக, இரண்டு மாட்டோடு தொடங்கும் கணக்கைப் போடுங்கள். கொட்டில் கட்டுவதும் உங்கள் தனிப்பங்கு என்று காட்டக்கூடிய துண்டில் இருக்கட்டும். அயல் வீட்டுக்காரர் மணம், ஈ என்று பிரதேச சபைக்கு முறையிட்டால் கொட்டில் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், சாணகம் எங்கே போகிறது, கிணறு எவ்வளவு தள்ளி என்று கேட்பார்கள். ஒரு வரைபடம் கையால் கீறி அறிக்கையில் வைத்தால் போதும்.

குடுத்த ரிப்போட்டைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். இனி என்ன செய்ய?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் கடன் அதிகாரியிடம் நேரில் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கடன்களைக் காட்டும் கிரிப் அறிக்கையில் நிலுவை இருக்கிறதென்றால் திட்ட அறிக்கையை எத்தனை தரம் திருத்தினாலும் பயனில்லை, முதலில் அதைத் தீர்க்கவேண்டும். நீங்கள் யாருக்கோ பிணை நின்ற கடனும் அதில் தெரியும்.

பால் அளவு கூட என்றோ, மாதக் காசு காணாது என்றோ சொன்னால் மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் திரும்பப் போடுங்கள். கடன் தொகையைக் குறைக்கும்போது பலர் கொட்டிலைச் சுருக்குவார்கள், தீவனக் காசை வெட்டுவார்கள். வெட்டவேண்டியது மாட்டின் எண்ணிக்கையை. மூன்று மாடென்றால் கொட்டிலை நாலுக்குக் கட்டிவிட்டு, நாலாவதை முதல் ஈற்றில் பிறக்கும் நாகு கன்றாக எழுதலாம். ஆனால் அது கறவைக்கு வர இரண்டரை மூன்று வருடம் எடுக்கும், அதற்கு முன் அதன் பாலை வரவில் சேர்க்காதீர்கள்.